அப்பாவின் கணக்கு நோட்டைத்தான் எழுத வேண்டும்

"மேடம், வணக்கம். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போகப்போகிற முதல் ஆள் நான்தான். அப்பா கொத்தனார், ஆறாவது வரை படித்தவர். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். தம்பி ஏழாவது படிக்கிறான். பி.காம் சேர ஒரு ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிறேன், அதில் 500 சொல்லுக்குள் பர்சனல் ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள். 'நான் ஒரு ஏழைக் குடும்பத்தில் பிறந்தேன். சிறு வயது முதலே வறுமையில் வாடினேன். எத்தனையோ தடைகளைத் தாண்டி விடாமுயற்சியுடன் படித்து வருகிறேன்' என்று தொடங்கியிருக்கிறேன். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. பேச்சுப் போட்டி, விளையாட்டு எதிலும் பரிசு வாங்கியதில்லை. அப்பாவின் வேலைக் கணக்கை ஒரு நோட்டில் எழுதி வைப்பேன், அதையெல்லாம் இதில் எழுத முடியாது இல்லையா? பதினொன்றாவதில் மார்க் வேறு குறைந்துவிட்டது, அதைச் சொல்லாமல் விட்டுவிடலாமா? ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து எழுதி வாங்கினால் தப்பா?"

முடியும். சொல்லப்போனால் அந்த நோட்டைத்தான் எழுத வேண்டும், மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான் வர வேண்டும். அதனால்தான் உங்கள் மடல் வந்ததும் நோட்டைப் பற்றி மட்டும் சில கேள்விகள் கேட்டு உடனே பதில் எழுதினேன், நீங்களும் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினீர்கள். அந்த இரண்டு பக்கம் உங்கள் கட்டுரையைவிடப் பல மடங்கு நன்றாக இருந்தது. உங்கள் அனுமதியோடு அதிலிருந்து சிலவற்றை இங்கே எடுத்துப் பேசுகிறேன், இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் பயன்படும்.

முதலில் இந்தக் கட்டுரையைப் படிக்கப்போகிறவர் எப்படிப் படிக்கிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்து விண்ணப்பங்கள் படிக்கிறவள் என்பதால் இதை உறுதியாகச் சொல்ல முடியும். ஒரு கட்டு விண்ணப்பம் கையில் இருக்கும், பக்கத்தில் மதிப்பெண் போடுகிற தாள் ஒன்று இருக்கும். பண உதவி எவ்வளவு தேவை, படிப்பு எப்படி, பொறுப்பு எடுத்துக்கொண்ட அனுபவம் உண்டா, எடுக்கப்போகிற படிப்பைப் பற்றித் தெளிவு இருக்கிறதா என்று தனித்தனியாக மதிப்பெண் போட வேண்டும். தலைப்புகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், முறை பெரும்பாலும் இதுதான். பல இடங்களில் ஒரே கட்டுரையை இரண்டு பேர் தனித்தனியாகப் படிப்பார்கள், இரண்டு மதிப்பெண்ணுக்கும் இடைவெளி அதிகமானால் மூன்றாவது ஆளிடம் போகும். ஒரு கட்டுரைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, உங்கள் கட்டுரை என் கைக்கு வரும்போது அது தனியாக வருவதில்லை. வருமானச் சான்றிதழ் அதோடு இருக்கிறது. பெற்றோரின் படிப்பு, தொழில், வீட்டில் எத்தனை பேர் என்பதெல்லாம் படிவத்தின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆக, 'ஏழைக் குடும்பத்தில் பிறந்தேன்' என்ற வரிக்கு வரும்போது அது எனக்கு ஏற்கெனவே தெரியும், தேவை என்கிற கட்டத்தில் மதிப்பெண்ணையும் அநேகமாக மனதில் போட்டிருப்பேன். அந்த வரியால் உங்களுக்கு எதுவும் கூடவில்லை, உங்களுடைய 500 சொல்லில் கொஞ்சம் செலவாகிவிட்டது, அவ்வளவுதான். 'பொறுப்பு', 'தெளிவு' என்கிற கட்டங்கள் காலியாக இருக்கின்றன, அவற்றை நிரப்பச் சான்றிதழால் முடியாது. கட்டுரை மட்டும்தான் நிரப்பும்.

வறுமையைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை நீங்கள் சொல்லியிருக்கிற விதத்தில் நீங்களே இல்லை, அதுதான் குறை. 'வறுமையில் வாடினேன்', 'தடைகளைத் தாண்டி', 'விடாமுயற்சியுடன்' என்ற மூன்று சொற்றொடர்களும் நான் ஒரே நாளில் திரும்பத் திரும்பப் படிக்கிறவை. எழுதியவர்கள் எல்லாரும் உண்மையாகவே கஷ்டப்பட்ட பிள்ளைகள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தத் தடை, அதை என்ன செய்து தாண்டினார்கள் என்பது தெரியாதபோது ஒரு விண்ணப்பத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பார்க்க முடிவதில்லை. நீங்கள் எழுதிய ஒவ்வொரு வரியையும் எடுத்து, வேறொரு மாணவரின் பெயரைப் போட்டாலும் இது பொருந்துமா என்று பாருங்கள். பொருந்தினால் அந்த வரி வேண்டாம்.

சரி, நோட்டுக்கு வருவோம். நீங்கள் எனக்கு எழுதியதன் சாரம் இது. ஒன்பதாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை அப்பா எதிர்பார்த்ததைவிடக் குறைவான வாரக்கூலியோடு வந்தார், ஏன் குறைந்தது என்று கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கு ஒரு பழைய நோட்டில் நான்கு கட்டம் போட்டீர்கள்: தேதி, வேலை நடந்த இடம், முழு நாளா அரை நாளா, வாங்கிய முன்பணம். தினமும் இரவு அப்பா சொல்லச் சொல்ல எழுதினீர்கள். மூன்றாவது வாரம் மேஸ்திரியின் கணக்குக்கும் உங்கள் கணக்குக்கும் ஒன்றரை நாள் வித்தியாசம் வந்தது. அப்பா போய்க் கேட்டதில், சிமென்ட் வராமல் மதியத்துக்கு மேல் வேலை நின்றுபோன நாட்களை மேஸ்திரி அரை நாளாக எழுதியிருக்கிறார், அப்பா சாயங்காலம் வரை அங்கேயே இருந்ததால் முழு நாள் என்று நினைத்திருக்கிறார் என்று தெரிந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, இரண்டு பேரும் வேறு வேறு விதமாக எண்ணியிருக்கிறார்கள். அதன் பிறகு 'ஏன் அரை நாள்' என்று ஐந்தாவது கட்டம் ஒன்று சேர்த்தீர்கள். சனிக்கிழமை கூலி வாங்குவதற்கு முன்பே அப்பா நோட்டைக் காட்டிச் சரிபார்த்துவிடுகிறார். கூட வேலை செய்கிற இன்னும் இரண்டு பேர் தங்கள் கணக்கையும் எழுதித் தரச் சொல்ல, இப்போது மூன்று பேருக்கு எழுதுகிறீர்கள், ஞாயிறு சாயங்காலம் ஒரு மணி நேரம் அதற்குப் போகிறது.

இதை எழுதிவிட்டு, 'இது சாதாரண விஷயம்தான் மேடம்' என்று முடித்திருந்தீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. வீட்டில் ஒரு சிக்கல் வந்திருக்கிறது, அதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், யாரும் சொல்லாமல் ஒரு முறையை உண்டாக்கியிருக்கிறீர்கள், அதில் ஓட்டை இருப்பது தெரிந்ததும் திருத்தியிருக்கிறீர்கள், அது வேலை செய்கிறது என்று பார்த்து மற்றவர்களும் கேட்டு வந்திருக்கிறார்கள். பொறுப்பு என்கிற கட்டத்தில் நான் தேடுவது இதைத்தான். பரிசு வாங்கிய பேச்சுப் போட்டி இருந்தால் நல்லதுதான், ஆனால் ஒரு கோப்பை எனக்குச் சொல்வதைவிட அந்த ஐந்தாவது கட்டம் எனக்கு அதிகம் சொல்கிறது.

முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளிடம் நான் அடிக்கடி பார்ப்பது இது. படிவத்தில் 'பாடம் சாராத செயல்பாடுகள்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதைக் காலியாக விட்டுவிடுவார்கள். தம்பியைப் பள்ளிக்குக் கூட்டிப்போவது, பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் டாக்டர் சொன்னதை வீட்டில் விளக்குவது, வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் படிவத்தையும் படித்து நிரப்பிக் கொடுப்பது, இதெல்லாம் அவர்களுக்குச் செயல்பாடாகவே தோன்றுவதில்லை. வீட்டுப் பொறுப்புகளையும் சம்பளத்துக்குச் செய்த வேலையையும் எழுதலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிற படிவங்கள் உண்டு. சொல்லாவிட்டாலும் எழுதலாம். எழுதும்போது வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று போடுங்கள். உங்கள் கணக்குப்படியே நோட்டுக்கு ஞாயிறு ஒரு மணி நேரம், அப்பா சொல்வதை எழுத தினமும் பத்து நிமிடம், இரண்டும் சேர்ந்து வாரத்துக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். தம்பியின் பாடத்துக்குத் தினமும் ஒரு மணி நேரம் என்றால் அது ஏழு. ஆக ஒன்பது மணி நேரம். இதைப் பதினைந்து என்று எழுத வேண்டாம், ஒன்பதே நல்ல எண்ணிக்கைதான்.

இப்போது உங்கள் தொடக்கப் பத்திக்குப் பதிலாக எது வரலாம் என்று, நீங்கள் அனுப்பிய பக்கங்களில் இருந்த உங்கள் சொற்களை வைத்தே கோர்த்துக் காட்டுகிறேன்:

"ஒன்பதாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை அப்பா வழக்கத்தைவிடக் குறைவான கூலியோடு வந்தார். அவர் கொத்தனார், ஆறாவது வரை படித்தவர், ஏன் குறைந்தது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று ஒரு பழைய நோட்டில் நான்கு கட்டம் போட்டு அவருடைய வேலை நாட்களையும் முன்பணத்தையும் எழுதத் தொடங்கினேன். மூன்றாவது வாரம் எங்கள் கணக்குக்கும் மேஸ்திரியின் கணக்குக்கும் ஒன்றரை நாள் வித்தியாசம் வந்தது. விசாரித்தபோது இருவருமே சரியாகத்தான் எழுதியிருந்தார்கள், எது அரை நாள் என்பதில்தான் கருத்து வேறுபாடு இருந்தது. அதனால் 'ஏன் அரை நாள்' என்று ஐந்தாவது கட்டம் சேர்த்தேன். இப்போது அப்பாவோடு வேலை செய்யும் இரண்டு பேரின் கணக்கையும் நான்தான் எழுதுகிறேன்."

ஒரு தடவை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஏழை என்ற சொல் எங்கேயும் வரவில்லை, ஆனாலும் வாரக்கூலியை நம்பி ஓடுகிற வீடு, ஒன்றரை நாள் கூலி குறைந்தாலே கேள்வி எழுகிற வீடு என்று படிக்கிறவருக்குப் புரிந்துவிடுகிறது. பாராட்டுச் சொல்லும் ஒன்றுகூட இல்லை. பொறுப்பானவள், நேர்மையானவள், திறமைசாலி என்பதையெல்லாம் படிக்கிறவரே தன் மனதில் சொல்லிக்கொள்வார், அந்த வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள். (மற்ற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்தப் பத்தியை எடுத்துப் பெயரை மாற்றிப் போட்டுக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கும், அதைத் தேடுங்கள்.)

இந்த இடத்தில் சிலர் எதிர்ப்பக்கம் போய்விடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். நோட்டுக்கு மதிப்பு இருக்கிறது என்று தெரிந்ததும் 'கட்டுமானத் தொழிலாளர்களுக்கான நிதி மேலாண்மை முறையை உருவாக்கினேன்' என்று எழுதத் தோன்றும். அல்லது மேஸ்திரி ஏமாற்றியதாகவும் நீங்கள் கண்டுபிடித்து நியாயம் வாங்கியதாகவும் கதையை முறுக்கத் தோன்றும். இரண்டையும் செய்யாதீர்கள். முதலாவது, மூன்று பேருக்கு எழுதுகிற நோட்டு என்று நேர்காணலில் தெரிந்த நிமிடமே சரிந்துவிடும். இரண்டாவது பொய், அதோடு உங்கள் கதையில் இருக்கிற நல்ல பகுதியையே அழித்துவிடுகிறது. யாரும் தப்பு செய்யாமலே இரண்டு கணக்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம் என்று பதினான்கு வயதில் புரிந்துகொண்டீர்கள் பாருங்கள், கணக்கியல் படிக்கப்போகிறவரிடம் நான் பார்க்க விரும்புவது அதைத்தான்.

அதுவே 'ஏன் இந்தப் படிப்பு' என்ற பகுதிக்குக் கொண்டுபோய் விடுகிறது. உங்கள் வரைவில் 'சிறு வயது முதலே வணிகவியல் படிக்க வேண்டும் என்பது என் கனவு' என்று இருந்ததாகச் சொன்னீர்கள். அது உண்மையா? எனக்கு எழுதிய பக்கங்களில் நீங்கள் வேறொன்று சொன்னீர்கள். பதினொன்றாவதில் கணக்குப்பதிவியல் வகுப்பில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் நடத்தியபோது, நம் ரொக்க ஏட்டில் இருக்கிற இருப்பும் வங்கி அறிக்கையில் இருக்கிற இருப்பும் ஏன் வேறுபடுகிறது என்று ஆசிரியர் விளக்க, 'இது அப்பாவும் மேஸ்திரியும்தானே' என்று தோன்றியதாக எழுதியிருந்தீர்கள். நாம் காசோலை கொடுத்த அன்றே நம் ஏட்டில் எழுதிவிடுகிறோம், வங்கி அதைப் பணமாக்கும்போதுதான் எழுதுகிறது, அதனால் ஒரே பரிமாற்றம் இரண்டு இடத்திலும் ஒரே நாளில் இருப்பதில்லை. இந்தப் பாடத்தை எல்லாரும்தான் படிக்கிறார்கள், ஆனால் அது உங்களுக்கு ஏன் உடனே பிடிபட்டது என்பதற்குக் காரணம் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. அதை நான்கைந்து வரியில் எழுதுங்கள். கனவு என்ற சொல்லே வேண்டாம். அப்புறம் பி.காம் முடித்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை எட்டுகிற தூரத்தில் வையுங்கள். தணிக்கை அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து தொழில் கற்றுக்கொள்ள விரும்புவதாகச் சொன்னீர்கள், அதுவே போதும். உலகத்தையே மாற்றப்போவதாக எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

பதினொன்றாவது மார்க். மறைக்க முடியாது, மார்க் ஷீட் என் முன்னால் இருக்கிறது. நீங்கள் சொல்லாமல் விட்டால் நான் பார்க்காமல் போய்விடுவேன் என்று இல்லை, பார்த்துவிட்டு, காரணம் தெரியாமல், நானாக எதையாவது ஊகித்துக்கொள்வேன். பெரும்பாலும் அந்த ஊகம் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. ஆகவே சொல்லுங்கள், ஆனால் சுருக்கமாக. இதில் மூன்று விஷயம் வந்தால் போதும்: எப்போது, என்ன நடந்தது, அதற்குப் பிறகு என்ன ஆயிற்று. உங்கள் விஷயத்தில் இப்படி வரும்: "பதினொன்றாவதின் இரண்டாம் பருவத்தில் அப்பா சாரத்திலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது, மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. அம்மா கூடுதலாக இரண்டு வீடுகளில் வேலை எடுத்துக்கொண்டதால் சமையலும் தம்பியும் என் பொறுப்பாயின, பல நாள் முதல் இரண்டு பாடவேளைகளைத் தவறவிட்டேன். அந்த ஆண்டு கணக்குப்பதிவியலில் 61 வாங்கினேன். பன்னிரண்டாவது அரையாண்டில் அதே பாடத்தில் 88." அதோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு வரி வருத்தமோ மன்னிப்போ சேர்த்தாலும் பத்தி கெஞ்சுவது போல ஆகிவிடும், 61-இலிருந்து 88 தானே பேசும். இன்னொன்று, உங்களுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதித் தரப்போகிற ஆசிரியரிடம் இந்தக் காரணத்தை முன்கூட்டியே சொல்லுங்கள், கட்டுரையின் வரைவையும் கொடுங்கள். பல ஆசிரியர்களுக்கு வீட்டில் என்ன நடந்தது என்றே தெரிந்திருக்காது. அவர் கடிதத்திலும் ஒரு வரி இதைப் பற்றி இருந்தால் நீங்கள் சொன்னதற்குச் சாட்சி கிடைத்த மாதிரி.

பணத்தைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டும், ஆச்சரியமாக இதைத்தான் பலர் எழுதுவதே இல்லை. 'இந்த உதவித்தொகை கிடைத்தால் என் வாழ்க்கையே மாறும்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். என்ன மாறும்? நீங்கள் எனக்குச் சொன்னபடி, கிடைக்காவிட்டால் மாலை வகுப்பில் சேர்ந்து பகலில் வேலைக்குப் போவதாக யோசித்திருக்கிறீர்கள், கிடைத்தால் பகல் கல்லூரியில் சேர முடியும், வேலைக்குப் போகிற நேரம் படிப்புக்குக் கிடைக்கும். அதை அப்படியே எழுதுங்கள். உதவித்தொகை கட்டணத்துக்கு மட்டும் என்றால் பஸ் செலவு, புத்தகச் செலவுக்கு என்ன வழி வைத்திருக்கிறீர்கள் என்பதையும் ஒரு வரி சொல்லுங்கள். மொத்தத்தையும் யோசித்துப் பார்த்திருக்கிறீர்கள் என்று அது காட்டும். பண உதவி கொடுக்கிறவர்களுக்கு, பாதியில் நின்றுபோய்விடுவாரோ என்ற கவலை எப்போதும் உண்டு, அதற்குப் பதில் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

500 சொல்லை எப்படிப் பிரிப்பது என்று கேட்டால், நோட்டும் அதோடு சேர்ந்து வருகிற குடும்ப நிலையும் 220 சொல் வரை எடுத்துக்கொள்ளட்டும், அதுதான் நெஞ்சுப்பகுதி. மார்க் குறைந்த காரணத்துக்கு 60, ஏன் இந்தப் படிப்பு என்பதற்கு 140, பணத்துக்கு 60. இது 480 ஆகிறது, மிச்ச 20 சொல்லை நிரப்பியே ஆக வேண்டும் என்று இல்லை. ஆனால் 500-ஐத் தாண்டாதீர்கள். இணையப் படிவமாக இருந்தால் பல இடங்களில் வரம்பைத் தாண்டியதும் மிச்சத்தை ஏற்றுக்கொள்ளாது, கடைசிப் பத்தி பாதியில் வெட்டுப்பட்ட கட்டுரைகள் எங்கள் கைக்கு வந்திருக்கின்றன. வேறு இடத்தில் எழுதிச் சொற்களை எண்ணிப் பார்த்துவிட்டு அதன் பிறகு ஒட்டுங்கள், ஒட்டியதும் கடைசி வரி வரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். சொல் வரம்பா எழுத்து வரம்பா என்பதையும் கவனியுங்கள், இரண்டும் ஒன்றல்ல.

'முதல் தலைமுறை' என்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் பக்கங்களில் ஓர் இடத்தில் உங்கள் சித்தப்பா மகன் டிப்ளமோ படித்தவர் என்று வருகிறது. அந்த உதவித்தொகைக்கு முதல் தலைமுறை என்றால் யார் என்று படிவத்திலோ விதிமுறையிலோ எழுதியிருக்கும், அதைப் படித்துவிட்டுக் குறியிடுங்கள். சில இடங்களில் அப்பா, அம்மா இருவரும் பட்டம் முடிக்காதவர்களாக இருந்தாலே போதும், சில இடங்களில் உடன்பிறந்தவர்களும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது என்று கேட்பார்கள். பெற்றோர், உடன்பிறந்தவர்கள் என்று கேட்கிற விதியில் சித்தப்பா மகனின் டிப்ளமோ உங்களைப் பாதிக்காது. ஆனால் கட்டுரையில் 'எங்கள் குடும்பத்தில் யாருமே பள்ளிக்கு மேல் படித்ததில்லை' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள், 'எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போகிற முதல் ஆள் நான்' என்பது உண்மை, அது போதும். இதே மாதிரி தம்பியின் வகுப்பு, அப்பாவின் தொழில் எல்லாம் படிவத்திலும் கட்டுரையிலும் ஒன்றாக இருக்க வேண்டும். படிவத்தில் 'கூலி' என்றும் கட்டுரையில் 'கொத்தனார்' என்றும் இருந்தால் பெரிய தப்பில்லைதான், ஆனால் படிக்கிறவர் ஒரு கணம் நின்று யோசிப்பார், அந்த இடம் உங்களுக்கு வேண்டாம்.

கடைசியாக ஆங்கிலம். எழுதி வாங்காதீர்கள். தப்பு, சரி என்பதை விடுங்கள், அது உங்களுக்கே நஷ்டமாக முடியும். நன்றாக எழுதத் தெரிந்த பெரியவர் ஒருவர் எழுதினால் கட்டுரை அவருடைய வயதில் பேசும். உங்கள் பன்னிரண்டாவது ஆங்கில மதிப்பெண்ணும் அந்த நடையும் ஒத்துப்போகாது, தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், வேறு ஒருவர் எழுதும்போது முதலில் காணாமல் போவது ஐந்தாவது கட்டம்தான். அது அவருக்குச் சின்ன விஷயமாகத் தெரியும், எடுத்துவிட்டு அந்த இடத்தில் பொன்மொழி ஒன்றைச் செருகுவார். அதனால் முதலில் தமிழிலேயே முழுக்க எழுதுங்கள், எனக்கு எழுதிய மாதிரி. படிவம் தமிழை ஏற்றுக்கொள்ளும் என்றால் அதையே அனுப்புங்கள். ஆங்கிலத்தில்தான் வேண்டும் என்றால் நீங்களே வரி வரியாக மாற்றுங்கள், ஒரு வரியில் ஒரு செய்தி என்று சின்னச் சின்ன வாக்கியங்களாக. அதற்குப் பிறகு ஆங்கிலம் தெரிந்தவரிடம் கொடுத்து, இலக்கணப் பிழையையும் எழுத்துப் பிழையையும் மட்டும் பென்சிலால் அடிக்கோடிடச் சொல்லுங்கள், திருத்துவது உங்கள் கையால் நடக்கட்டும். எளிமையான ஆங்கிலத்துக்கு நாங்கள் மதிப்பெண்ணைக் குறைப்பதில்லை. புரிகிறதா என்றுதான் பார்க்கிறோம்.

அனுப்புவதற்கு முன் அப்பாவிடம் தமிழில் படித்துக் காட்டுங்கள். அவர் விழுந்தது, அவருக்குக் கணக்கு புரியாமல் போனது, இதெல்லாம் அவருடைய விஷயம், அறிமுகமில்லாதவர்கள் படிக்கப்போகிறார்கள், அவர் சம்மதம் வேண்டும். 'சொல்லத் தெரியவில்லை' என்ற வரி அவருக்குச் சங்கடமாக இருந்தால் 'எங்களுக்குப் புரியவில்லை' என்று மாற்றிக்கொள்ளுங்கள், கட்டுரைக்கு ஒன்றும் ஆகாது. தேதி, இடம் ஏதாவது தப்பாக இருந்தாலும் அவர் திருத்துவார். மேஸ்திரியின் பெயரோ வேலை நடந்த இடத்தின் பெயரோ கட்டுரையில் தேவையில்லை.

அனுப்பியதும் ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஃபோனிலும் காகிதத்திலும். நேர்காணலுக்கு அழைத்தால் கேள்விகள் பெரும்பாலும் இந்தக் கட்டுரையிலிருந்துதான் வரும். நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால் நிச்சயம் இரண்டு கேள்வி கேட்பேன்: அந்த ஒன்றரை நாளுக்கான கூலி கடைசியில் கிடைத்ததா, மற்ற இரண்டு பேருக்கு எழுதும்போது அவர்கள் சொல்வதை எப்படிச் சரிபார்க்கிறீர்கள்? இரண்டுக்கும் பதில் யோசித்து வையுங்கள். முடிந்தால் நோட்டையும் கையோடு எடுத்துப் போங்கள், ஆனால் மற்ற இருவரின் பக்கங்களைக் காட்டுவதாக இருந்தால் அவர்களிடமும் கேட்டுவிட்டு.